ஒரு நிமிடத்துக்கு 720 படங்கள்

சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர்தான் அந்த அக்காவைப் பற்றிச் சொன்னார். கல்யாணப் பத்திரிகை வேலையில் பல வருடம் கத்தரியும் பிளேடுமாக இருந்தவர். இப்போது வீட்டு மாடியில் ஓர் அறையை இருட்டாக்கிக்கொண்டு, வண்ணக் காகிதத்தை வெட்டி அடுக்கி, செல்போனில் ஒவ்வொரு படமாக எடுத்துக் குழந்தைக் கதைகளை அசையவைக்கிறார். உதவிக்கு அண்ணன் மகள். காகிதத்துக்கு அச்சகங்களில் மிஞ்சும் வெட்டுத்துண்டுகள். ஊரில் அதற்கா பஞ்சம்?

மேஜையின் இரு பக்கமும் இரண்டு மரப்பெட்டிகள், உள்ளே செங்கல். அவற்றின்மேல் குறுக்கே மூன்றடி நீளப் பலகை, நடுவில் ஒரு துளை. போனைத் திரை மேலே இருக்கும்படி படுக்கவைத்தால் அதன் கேமரா கண் துளை வழியே கீழே பார்க்கும். பலகைக்கும் மேஜைக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றரை அடி. அவ்வளவுதான் ஸ்டாண்ட். முன்பு கடையில் விற்கிற, கழுத்து வளைகிற ஸ்டாண்டை வைத்திருந்தாராம். போனின் எடைக்கு அது மெல்ல மெல்லத் தொங்கியிருக்கிறது. கண்ணால் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. எடுத்த படங்களை ஓடவிட்டால் பின்னால் இருக்கும் மலை மேலே ஏறிக்கொண்டே போகும். பலகைக்குத் தொங்குவதற்கு இடமில்லை. போனைத் தொட்டால் நகர்ந்துவிடும் என்பதால், ப்ளூடூத் பொத்தானை அமுக்கித்தான் படம் எடுக்கிறார்கள்.

நான் போன அன்று ஒரு பாட்டி கூடையோடு வயல்வரப்பில் நடந்துபோகும் காட்சி. ஆறு விநாடி. விநாடிக்கு 12 படம் என்ற கணக்கில் 72 படம். பாட்டி ஒரு சாண் உயரம் கூட இல்லை. தலை, உடம்பு, மேல்கை, முன்கை, தொடை, கணுக்கால் வரைக்கும் ஒரு துண்டு, பாதம் என்று தனித்தனியாக வெட்டப்பட்டவர். அடுக்குவதற்கு ஒரு வரிசை இருக்கிறது: முதலில் அந்தப் பக்கத்துக் கையும் காலும், அதன்மேல் உடம்பு, அதன்மேல் இந்தப் பக்கத்துக் கால், கை. அந்தப் பக்கத்துக் கைகாலை அதே நிறத்தில் ஒரு படி மங்கலான காகிதத்தில் வெட்டுகிறார். இல்லையென்றால் நடக்கும்போது எந்தக் கால் எதுவென்று பார்ப்பவருக்குக் குழம்பிவிடும்.

முழங்காலைத்தான் வெகுநேரம் காட்டினார். தொடையின் கீழ்முனையும் கால்துண்டின் மேல்முனையும் ஒரே அளவு அரைவட்டமாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, அந்த வட்டங்களின் மையத்திலேயே ஊசியால் குத்தி நூல் கோக்க வேண்டும். மையம் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் காலை மடக்கும்போது முட்டிக்கு வெளியே ஒரு மூலை துருத்தும். நூல் முடிச்சு பின்பக்கம் போகும். முன்பக்கத்துத் தையலை அதே நிறத்துக் காகிதப் பொட்டு மூடும். முடிச்சு இறுகினால் கால் நகரும்போது உடம்பையும் இழுத்துக்கொண்டு போகும், தளர்ந்தால் தானாகவே தொங்கும். "மடக்குனா மடங்கணும், விட்டா நிக்கணும் தம்பி" என்றார்.

ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் 1923 முதல் 1926 வரை உழைத்து இளவரசர் அஹ்மத்தின் சாகசங்களை முழுநீளப் படமாக எடுத்தது இதே வெட்டுருவ முறையில்தான். ஆனால் அவருடைய உருவங்கள் கருநிழல்கள்; கண்ணாடி மேஜைக்குக் கீழிருந்து வெளிச்சம் வந்தது. மூட்டும் முடிச்சும் கறுப்புக்குள் மறைந்துவிடும். வண்ணக் காகிதத்துக்கு வெளிச்சம் மேலிருந்து வருகிறது. ஒவ்வொரு முடிச்சும், தூக்கி நிற்கும் ஒவ்வொரு ஓரமும் தன் நிழலைத் தானே காட்டிக்கொடுக்கும். அந்த நிழலை வேண்டிய இடத்தில் மட்டும் வரவழைப்பதில்தான் அக்காவின் கைத்திறன் இருக்கிறது. மலை மேஜையோடு ஒட்டிக் கிடக்கிறது. முன்னால் இருக்கும் புல்வரிசைக்கு அடியில் தடித்த அட்டைத்துண்டுகளை வைத்து உயர்த்தியிருக்கிறார். புல்லின் மெல்லிய நிழல் வயலில் விழுந்ததும் வயலுக்கு ஆழம் வந்துவிடுகிறது.

நடையைப் பார்த்தேன். ஓர் எட்டுக்கு எட்டுப் படம், படத்துக்கு ஐந்து மில்லிமீட்டர். சட்டத்துக்கு வெளியே ஒரு ஸ்கேலை ஒட்டி, மூலைமட்டத்தை வைத்து உடம்பை நகர்த்துகிறார். தரையில் ஊன்றிய பாதம் மட்டும் இம்மியும் நகரக் கூடாது. அது நகர்ந்தால் பாட்டி நடக்க மாட்டாள், வழுக்கிக்கொண்டு போவாள். கால்கள் அகன்றிருக்கும்போது இடுப்பு கொஞ்சம் தாழ்கிறது, ஒன்றையொன்று கடக்கும்போது ஏறுகிறது. மின்விசிறி போட முடியாது, காகிதம் பறந்துவிடும். ஜன்னல் திறக்க முடியாது, வெயில் மாறிக்கொண்டே இருக்கும். அந்த வெக்கையில் இரண்டு பேரும் கறுப்பு உடையில் இருந்தார்கள். வெள்ளை உடுத்தினால் அதன் வெளிச்சம் காகிதத்தில் விழுந்து, குனியும்போதெல்லாம் நிறம் மாறுமாம்.

ஐம்பது படம் தாண்டியதும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். பாட்டி அழகாக நடந்தாள். ஆனால் ஒரு கொக்கு உள்ளே வந்த இடத்திலிருந்து எல்லாமே இருண்டது. நான் பாட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா படத்தின் இடதுமூலையை மட்டும் பார்த்தார். அந்த மூலையில் அசைகிற பொருள் எதுவும் இல்லை. "மூலை நகந்தா ஸ்டாண்டு. மூலை மினுக்குனா வெளிச்சம். மூலை சும்மா இருந்து ஆளு மட்டும் நடுங்குனா, நம்ம கை." மூலை நகரவில்லை, கறுத்திருந்தது. அண்ணன் மகள் இடையில் கேமராவை மூடித் திறந்திருக்கிறாள். அப்போது வெளிச்சப் பூட்டு விடுபட்டுவிட்டது. பெரிய வெள்ளைக் கொக்கு நுழைந்ததும், காட்சி அதிக வெளிச்சமாகிவிட்டதென்று போன் தானே கணக்குப் போட்டு எல்லாவற்றையும் மங்கலாக்கிவிட்டது. கொக்கு வந்ததிலிருந்து எடுத்த படங்களையெல்லாம் அழித்தார்கள். கடைசி நல்ல படத்தைத் திரையில் மங்கலாக வரவழைத்து, அதன்மேல் பொருந்தும்வரை பாட்டியின் ஒவ்வொரு துண்டையும் இடுக்கியால் பின்னுக்குக் கொண்டுபோனார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை.

திட்ட வேண்டியவர் அந்த அறையில் இல்லை. சேனல்காரர்களிடம் வேலை பிடித்து இவர்களிடம் தருகிற ஓர் இடைத்தரகர் இருக்கிறார். கூலி நிமிடக் கணக்கில். ஒரு நிமிடம் என்றால் 720 முறை குனிந்து நிமிர்வது. கெட்டுப்போய் அழித்தவை அதில் சேராது. போன வேலையில் முழுக் கதையும் முடிந்த பிறகு, "சேலையை மட்டும் பச்சையாக்கிக் குடுங்க, சின்ன மாற்றம்தானே" என்று கேட்டிருக்கிறார். கணினியில் வரைந்த படத்தில் சேலைக்கு வேறு நிறம் ஊற்றலாம். இங்கே சேலை என்பது வெட்டிய காகிதம். அது மாறினால் அந்தச் சேலை வருகிற ஒவ்வொரு படத்தையும் மறுபடி எடுக்க வேண்டும். எடுத்தார்கள், ஒரு பைசா கூடுதல் இல்லாமல். படத்தில் இவர்கள் பெயரும் இல்லை. உழைத்தவர்களின் பெயரை மறைத்து வைப்பது கஞ்சத்தனம் மட்டுமல்ல. சேனல் நேராகத் தேடிவந்துவிடக் கூடாது என்கிற வியாபாரத் தந்திரம். தாள் வெட்டுகிறவரிலிருந்து பூக் கட்டுகிறவர் வரை கைவேலைக்காரர்கள் எல்லோரையும் இப்படித்தான் கட்டிப்போட்டிருக்கிறார்கள். வேலை தெரியாதவன் வேலைக்கு விலை வைக்கிற இந்த வழக்கம் எனக்குக் கொதிப்பைத்தான் தருகிறது.

இந்தக் கதைக்கு அக்கா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். வெட்டிய உருவங்களை எல்லாம் அடுக்கி ஒரே ஒரு படம் எடுத்து அனுப்புவார். நிறம், முகம், சேலை எல்லாம் சரி என்று தரகர் எழுத்தில் பதில் போட்ட பிறகுதான் படப்பிடிப்பு. அதற்குப் பிறகு மாற்றம் கேட்டால், எத்தனை படம் திரும்ப எடுக்க வேண்டுமோ அத்தனைக்கும் காசு. தரகர் முனகியிருக்கிறார், ஆனால் "ஓகே" என்று போட்டுவிட்டார். அந்தச் செய்தியை அக்கா என்னிடம் காட்டினார். அடுத்து, தலைப்பில் பெயர் போடச் சொல்லிக் கேட்கப்போகிறாராம். எழுத்துகளையும் காகிதத்திலேயே வெட்டி வைத்துவிட்டார், இரண்டு பேர் பெயருக்கும்.