எங்கள் கையேட்டின் நான்காம் கேள்வி: ஒரு திருத்தம்

கொஞ்சம் நீளமான பதிவு இது. உக்குவளையிலும் மாத்தளை டவுனிலும் எங்களிடம் மாலை வகுப்புக்கு வந்த பிள்ளைகள், உயர்தரம் முடித்துவிட்டு வெளிவாரியாகக் கணினிப் பட்டம் படிப்பவர்கள், அவர்களின் வாப்பா உம்மாமார் எல்லோரும் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். சென்ற வருடம் நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து எழுதிய கையேட்டில் ஒரு விடை பிழை. அந்தக் கையேடு எத்தனை போட்டோகொப்பியாக எங்கெங்கே போயிருக்கிறது என்று எங்களுக்கே தெரியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறோம்.

கேள்வி இதுதான். கீழே உள்ள பைதன் புரோகிராம் ஓடி முடிய எடுக்கும் நேரம், n பெரிதாகும்போது எந்த வேகத்தில் கூடும்?

```python
def f(n):
    if n <= 1:
        return
    for i in range(n):
        for j in range(i):
            print("*")
    f(n // 2)
    f(n // 2)
```

கணினி படிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு லூப்புக்குள் இன்னொரு லூப் இருக்கிறது. அது நட்சத்திரங்களை அச்சிடுகிறது. பிறகு இந்த f தன்னைத்தானே இரண்டு தடவை கூப்பிடுகிறது, ஒவ்வொரு தடவையும் பாதி எண்ணைக் கொடுத்து. அந்த இரண்டும் தங்கள் பங்குக்கு ஆளுக்கு இரண்டு தடவை கூப்பிடும். எண் 1 ஆகும்வரை இப்படியே போகும். இதைத்தான் ரிகர்ஷன் என்கிறோம்.

கையேட்டில் நாங்கள் எழுதிய விடை: "உள்ளே இரண்டு லூப், ஆகவே n². பாதி பாதியாகக் குறைவதால் log n மட்டங்கள். இரண்டையும் பெருக்கினால் O(n² log n)." பார்க்க அழகாக இருக்கிறது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அதே கேள்வியைச் சோதனையில் போட்டு, இப்படி எழுதியவர்களுக்கு முழுப் புள்ளி கொடுத்தோம். ஒரு மகன் மட்டும் O(n²) என்று எழுதியிருந்தான். அவனுக்குச் சைபர்.

போன மாதம் கையேட்டைத் திருப்பிப் பார்த்த ஒரு மகள் கேட்டாள்: "சேர், கடைசியில f(n // 2) ரெண்டு தடவை இருக்கு. அத நாலு தடவை போட்டா விடை மாறாதா?"

மாறத்தானே வேண்டும் என்றோம். "அப்ப இந்த விளக்கத்தில ரெண்டு என்ற எண் எங்க சேர் வருது?"

கையேட்டை மறுபடி வாசித்தோம். எங்குமே வரவில்லை. லூப் இரண்டு என்று எண்ணினோம், மட்டங்கள் log n என்று எண்ணினோம். எத்தனை தடவை தன்னைக் கூப்பிடுகிறது என்பதை எங்கள் விளக்கம் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு தடவை கூப்பிட்டாலும், நாலு தடவை கூப்பிட்டாலும், எட்டுத் தடவை கூப்பிட்டாலும் எங்கள் விளக்கம் அதே விடையைத்தான் தரும். அது நடக்க முடியாத காரியம். ஆக, விடை சரியோ பிழையோ, காரணம் பிழை என்பது அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க ஒரு கணக்கும் தேவைப்படவில்லை. கேள்வியில் இருக்கும் ஓர் எண்ணை மாற்றிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பிறகு உட்கார்ந்து கையால் எண்ணினோம். n = 16 என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மட்டத்தில் லூப்புகள் 0 + 1 + 2 + … + 15 = 120 நட்சத்திரம் அச்சிடும். அடுத்த மட்டத்தில் 8 உடன் இரண்டு அழைப்புகள். ஒவ்வொன்றும் 28, மொத்தம் 56. அதற்கடுத்து 4 உடன் நான்கு அழைப்புகள், தலா 6, மொத்தம் 24. பிறகு 2 உடன் எட்டு அழைப்புகள், தலா 1, மொத்தம் 8. எல்லாம் கூட்டினால் 208.

எங்கள் விடையின் கணக்குப்படி என்ன வந்திருக்க வேண்டும்? முதல் மட்டத்தின் 120 ஐ நான்கு மட்டங்களால் பெருக்கி 480. முதல் மட்டத்து வேலையையே எல்லா மட்டத்துக்கும் வைத்தோம். உண்மையில் 120, 56, 24, 8 என்று ஒவ்வொரு மட்டமும் முந்தியதில் பாதிக்கும் குறைவாக இறங்குகிறது.

ஏன் பாதி என்பதைச் சதுரக் கொப்பியில் வரைந்து பார்த்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பக்கம் 16 கட்டம் உள்ள ஒரு சதுரம் போடுங்கள், 256 கட்டம். பக்கத்தைப் பாதியாக்கினால் 8 க்கு 8, அதாவது 64 கட்டம். பக்கம் பாதியானால் பரப்பு காலாகிறது. அப்படி இரண்டு சதுரம் போட்டால் 128, முதலாவதில் பாதி. அடுத்து நான்கு சின்னச் சதுரம், 64 கட்டம். இப்படி எத்தனை மட்டம் போனாலும், பெரிய சதுரத்துக்குப் பிறகு வரும் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டி ஒட்டினால் இன்னொரு பெரிய சதுரத்துக்குள் அடங்கிவிடும். மொத்த வேலை முதல் மட்டத்தின் இரண்டு மடங்கைத் தாண்டாது. ஆகவே சரியான விடை n². அந்த log n க்கு இங்கே இடமே இல்லை.

அந்தப் பழக்கம் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தோம். மேர்ஜ் சோர்ட்டில் இருந்துதான். அதிலும் இரண்டு தடவை பாதியுடன் கூப்பிடுகிறோம். ஆனால் அங்கே ஒரு மட்டத்து வேலை n மட்டுமே, n² இல்லை. இரண்டு பாதிகள் சேர்ந்தால் மறுபடி அதே n. எல்லா மட்டமும் சமம், அதனால் மட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கலாம், n log n சரி. பெருக்குவதற்கு இருந்த அந்த நிபந்தனையை மறந்துவிட்டு, பெருக்கலை மட்டும் மனப்பாடமாகக் கொண்டுவந்து இங்கே ஒட்டியிருக்கிறோம்.

மகள் கேட்ட நாலு தடவையையும் பார்த்தோம். கால் பரப்புள்ள சதுரம் நான்கு என்றால் பரப்பு குறையாது. எல்லா மட்டமும் n². அப்போது n² log n சரியான விடைதான்! எட்டுத் தடவை என்றால் ஒவ்வொரு மட்டமும் இரண்டு மடங்காகக் கூடும், அடிமட்டம்தான் மொத்தத்தை விழுங்கும், விடை n³. சரிபார்க்க விரும்புபவர்களுக்கு இந்தச் சின்ன ஃபங்ஷன் போதும். k என்பது எத்தனை தடவை கூப்பிடுகிறது என்பது.

```python
def stars(n, k):
    if n <= 1:
        return 0
    return n*(n-1)//2 + k*stars(n//2, k)
```

n = 16 க்கு, k = 2 என்றால் 208, k = 4 என்றால் 392, k = 8 என்றால் 1240.

இதில் நாங்கள் இன்னொரு தடவை தடுமாறினோம், அதையும் சொல்லிவிடுகிறோம். விடை n² தானா என்று பார்க்க, வந்த எண்ணிக்கையை n² ஆல் வகுத்தோம். k = 2 க்கு, n ஐ 8, 16, 32, 64 என்று கூட்டிப் போனால் 0.69, 0.81, 0.89, 0.94 என்று வருகிறது. "பாருங்க, கூடிக்கொண்டே போகுது, log இருக்கத்தான் செய்யுது" என்று எங்களில் ஒருவர் மகிழ்ந்தே போனார். பழைய விடையைக் காப்பாற்ற மனசுக்கு எவ்வளவு ஆசை! ஆனால் கூடும் அளவைப் பாருங்கள்: முதலில் 0.12, பிறகு 0.08, பிறகு 0.05. கூடுவது தேய்ந்துகொண்டே போகிறது, 1 ஐத் தொடாது. k = 4 க்கு அதே வகுத்தல் 1.06, 1.53, 2.02, 2.51. ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட அரை அரையாக ஏறுகிறது, நிற்பதில்லை. log இருந்தால் இப்படித்தான் இருக்கும். இரண்டு மூன்று சின்ன எண்களைப் பார்த்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம்.

சிலர் கேட்பார்கள், O என்பது மேல் எல்லைதானே, n² ஐ விட n² log n பெரிது, அப்படியென்றால் O(n² log n) பொய் இல்லையே என்று. நியாயமான கேள்வி. சொல்லப்போனால் O(n³) உம் பொய் இல்லை. மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போக ஒரு நாளுக்கு மேல் ஆகாது என்பதும் பொய் இல்லைதானே. O என்று எழுதிவிட்டு சரியான அளவையே சொன்னதாக நினைக்கும் இந்தக் குழப்பம் பழையது. டொனால்ட் நூத் 1976 இல் இதற்காகவே ஒரு சிறு கட்டுரை எழுதி, மேலும் கீழும் இறுக்கிப் பிடிக்கும் அளவுக்கு Θ என்ற குறியைப் பயன்படுத்துவோம் என்றார். எங்கள் கேள்வி கேட்டது எந்த வேகத்தில் கூடும் என்று. அதற்கு விடை Θ(n²). மேல் எல்லை என்ற சாட்டை எங்கள் பிழைக்குப் போர்வையாகப் போட நாங்கள் விரும்பவில்லை.

இனி அந்த மகனின் விடயம். O(n²) என்று எழுதிச் சைபர் வாங்கியவன். அவனைத் தேடிப் போய், அந்தத் தாளையும் வாங்கிப் பார்த்தோம். மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடுதான் போனோம். தாளில் அவன் எழுதியிருந்தது: "இரண்டு லூப் இருப்பதால் n². ரிகர்ஷன் n ஐக் குறைப்பதால் அதைக் கணக்கெடுக்கத் தேவையில்லை." விடை சரி. காரணம்? மகளின் அதே சோதனையைப் போட்டுப் பாருங்கள். எட்டுத் தடவை கூப்பிட்டாலும் n குறையத்தான் செய்கிறது, ஆனால் விடை n³. அவனுடைய விளக்கத்திலும் அந்த இரண்டு இல்லை. எங்கள் பிழையான விடையும் அவனது சரியான விடையும் ஒரே ஓட்டை வழியாகத்தான் வந்திருக்கின்றன.

அவனிடமே கேட்டோம், எத்தனை புள்ளி போடலாம் என்று. சிரித்தான். "பத்துக்கு நாலு போடுங்க சேர்" என்றான். நாலுதான் போட்டோம். முழுப் புள்ளி வாங்கியவர்களுக்கு எதைக் குறைப்பது என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. அவர்கள் எழுதியது நாங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தானே என்கிறார் ஒருவர். அந்தச் சோதனையின் புள்ளி எங்கேயும் போகாது, ஆனால் பரீட்சைத் தாள் போகும்.

கையேடு வைத்திருப்பவர்கள் நான்காம் கேள்வியின் விடையை இன்றே பேனையால் வெட்டி, O(n² log n) க்குப் பதிலாக Θ(n²) என்று எழுதுங்கள். காரணமாக ஒரே ஒரு வரி: "மட்டத்துக்கு மட்டம் வேலை பாதியாகிறது, ஆகவே முதல் மட்டமே அளவைத் தீர்மானிக்கிறது." பழைய விளக்கத்தை முழுதாக வெட்டிவிடுங்கள், பாதி வைக்க வேண்டாம். புதிய பக்கத்தை எங்கள் கையாலேயே எழுதி, வழமையான போட்டோகொப்பிக் கடையில் வைத்திருக்கிறோம். காசு கொடுக்கத் தேவையில்லை. வேறு யாருக்காவது இந்தக் கையேட்டைக் கொடுத்தவர்கள் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். ஐந்தாம் கேள்வியையும் இப்போது சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறோம்.