வாப்பாவிடம் சொன்ன கதை

இதை எழுதலாமா என்று ரெண்டு கிழமையாக யோசித்தேன். தம்பி சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

தம்பிக்கு 29 வயசு. மட்டக்களப்பில் ஓர் இந்துப் பிள்ளையை முடிக்க விரும்புகிறான். "ராத்தா, நீங்கதான் வாப்பாட்ட சொல்லணும்" என்றான். ஒருநாள் இஷாவுக்குப் பிறகு மூன்று பேரையும் ஒன்றாக இருத்தி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அதுதான் நான் விட்ட பிழை. உம்மா அழுதா. அதைப் பார்த்து வாப்பாவுக்குக் கோபம் வந்தது. தம்பி குரலை உயர்த்தினான். எழும்பிப் போன வாப்பா 11 நாள் அவனோடு பேசவில்லை.

அடுத்த முறை தனித்தனியாகப் பேசினேன். தம்பியை வைத்துக்கொள்ளவில்லை. "சம்மதமா?" என்றும் கேட்கவில்லை. "என்னத்துக்குப் பயப்படுறீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

உம்மா மீன் வெட்டிக்கொண்டே சொன்னா: "நாளைக்கு அவள் மௌத்தானா எங்க அடக்குற? பேரப்பிள்ளைக்கு யார் ஓதிக் குடுக்கிற? கலிமாச் சொல்லிட்டா எனக்குப் போதும்."

நான் மறைக்காமல் சொன்னேன். அந்தப் பிள்ளை மனசார இஸ்லாத்துக்கு வந்தால் நிக்காஹ் செய்து, 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் பதியலாம். வராவிட்டால் பொது விவாகச் சட்டத்தில் பதியலாம். ஆனால் மார்க்கத்தில் அது நிக்காஹ் ஆகாது. அப்படி முடித்தால் அவளுக்கு வாரிசுப் பங்கும் இல்லை. தம்பி உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். இது தம்பிக்கே தெரியாது. கல்யாணத்துக்காக மட்டும் சொல்லும் கலிமா உங்களுக்குப் போதுமா என்று கேட்டேன். உம்மா கனநேரம் பேசவில்லை. பிறகு, "அத அவளேதான் சொல்லணும்" என்றா.

வாப்பாவின் பயம் மார்க்கம் இல்லை. 1990 ஆகஸ்ட்டில் காத்தான்குடிப் பள்ளிக்குத் தொழப் போன சாச்சா திரும்பி வரவில்லை. "அந்த ஆக்கள்ற வீட்டுல நான் எப்படி மகள் டீ குடிக்கிற?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை. அதே வருஷம் அந்தப் பிள்ளையின் மாமாவையும் வீட்டிலிருந்து கூட்டிப்போனவர்கள் திருப்பி அனுப்பவில்லை என்பதை மட்டும் சொன்னேன். "யாரு கொண்டு போன?" என்று வாப்பா கேட்கவில்லை. அவர் கேட்டது வேறு: "அந்தாளுக்கு அப்ப எத்தின வயசு?"

22 என்றேன். சாச்சாவுக்கு 24.

கல்யாணம் இன்னும் முடிவாகவில்லை. முடிவாகாமலும் போகலாம். அந்தப் பிள்ளையின் அம்மாவும் எங்கள் வீட்டை நினைத்துப் பயப்படுகிறாவாம். அவவிடம் பேச வேண்டியது அந்தப் பிள்ளைதான். ஆனால் நேற்று வாப்பா தம்பியிடம், "அவள்ற வாப்பா என்ன வேலை?" என்று கேட்டார். மூன்று மாதத்தில் அவளைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது.