மிரட்டல் அல்ல அந்த வரி

அண்மையில் இங்கு ஜேர்மனியில் உள்ள தமிழ்ப் பள்ளி ஒன்றுகூடலில் ஒரு விவாதம் சூடுபிடித்தது. பெற்றோருக்கு வரும் அலுவலகக் கடிதங்களைப் பிள்ளைகள் எப்படி மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் விடயம். "அம்மா கடிதத்தைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில அனுப்புவா மாமா. நான் பாத்திட்டு ரெண்டு வரியில சொல்லிப்போடுவன். மதிப்புக்குரிய, தயவுடன் எண்டெல்லாம் ஆருக்கு வேணும்?" என்றான் ஒரு தம்பி. பலர் அதை ஆமோதித்தார்கள். எனக்கு ஆறவில்லை. ஜேர்மன் அலுவலகக் கடிதத்தில் மரியாதை என்பது வெறும் மேற்பூச்சு அன்று. யாருக்கு என்ன கடமை, யாருக்கு என்ன அதிகாரம் என்பது அந்த மரியாதைச் சொற்களுக்குள்தான் இருக்கிறது. அதை உரித்து எறிந்தால் செய்தியும் சேர்ந்து போய்விடும்.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. கணவர் இல்லை, துப்புரவு வேலை செய்கிறார். வாடகைக்கு உதவித்தொகை கேட்டு நகர நிர்வாகத்துக்கு விண்ணப்பித்திருந்தார். பதிலாக ஒரு கடிதம் வந்தது. அதைப் படம் எடுத்து அனுப்பியபோது மருமகன் சொன்ன சாரம் இதுதான்: "பேப்பர் குடுக்காட்டிக் காசு இல்லையாம்." அக்காவுக்கு அன்றிரவு நித்திரை இல்லை. மறுநாள் இன்னொருவர் அதே படத்தைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சா அனுப்பச் சொல்லிக் கேட்டிருக்கினம், பயப்பிடாதையுங்கோ" என்று ஆறுதல் சொன்னார். முதலாமவர் கடிதத்தை மிரட்டலாக்கினார். இரண்டாமவர் அதை வேண்டுகோளாக்கினார். கடிதமோ இரண்டும் அல்ல.

அதன் நடு வரியை அலுவலகத் தமிழில் இப்படி எழுதலாம்: "தங்கள் விண்ணப்பத்தைத் தொடர்ந்து பரிசீலிப்பதற்காக, கீழ்வரும் ஆவணங்களை மார்ச் 28ஆம் திகதிக்கு முன்னர் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்." மூலத்தில் இருப்பது 'பிட்டே' என்ற சொல். கடையில் பாண் வாங்கும்போதும் அதே சொல்தான். ஆனால் அலுவலகக் கடிதத்தில் அதன் பின்னால் சட்டக் கடமை நிற்கிறது: உதவி கேட்பவர் தன் நிலைமையை ஆதாரத்தோடு தெரிவிக்கவேண்டும். இதைத் "தயவுசெய்து அனுப்புங்கள்" என்று எழுதினால் கடமை கரைந்துவிடும். "உடனே அனுப்பு" என்று எழுதினால் மரியாதை செத்துவிடும். "கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்" என்ற நம் பழைய அலுவலக வாசகம் இரண்டையும் சரியான அளவில் தாங்குகிறது. மூலத்தில் அதிகாரி 'நான்' என்றே எழுதுகிறார். ஆனால் கையெழுத்துக்கு மேலே, பொறுப்பாளரின் சார்பில் ஒப்பமிடுவதாகவும் ஒரு குறிப்பு இருக்கிறது. பேசுவது தனி மனிதர் அல்ல, அலுவலகம். அதனால் தமிழில் அந்த 'நான்' மறைவதே பொருத்தம்.

அடுத்த வரியில்தான் அக்காவின் நித்திரை போனது: "ஆவணங்கள் உரிய காலத்தில் கிடைக்காதவிடத்து, கோரப்பட்ட உதவி முழுமையாகவோ பகுதியாகவோ மறுக்கப்படலாம்." மறுக்கப்படும் என்று அல்ல, மறுக்கப்படலாம் என்று. ஜேர்மன் நிர்வாகச் சட்டத்தில் இந்த வேறுபாடு இலக்கணச் சங்கதி அன்று. 'கன்' என்று எழுதினால் அலுவலகம் நிலைமையை எடைபோட்டு முடிவெடுக்க வேண்டும். 'ஸொல்' என்றால் வழக்கமாக அப்படித்தான் செய்யவேண்டும், விதிவிலக்குக்குத் தனிக் காரணம் தேவை. 'முஸ்' என்றால் வேறு வழியே இல்லை. மூன்றையும் "காசு இல்லையாம்" என்ற ஒரே சொற்றொடருக்குள் அடைத்தால், சட்டம் கொடுத்திருக்கும் இடைவெளி அத்தனையும் மூடப்படுகிறது.

இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அந்த வரி ஏன் அங்கே இருக்கிறது? சமூகச் சட்டத்தொகுதியின் முதலாம் புத்தகம், 66ஆம் பிரிவு, விளைவு என்ன என்பதை எழுத்தில் முன்கூட்டியே அறிவித்து, நியாயமான அவகாசமும் கொடுத்த பிறகுதான் இந்தக் காரணத்துக்காக உதவியை மறுக்கலாம் என்கிறது. அதாவது அந்த எச்சரிக்கை அக்காவின் பாதுகாப்புக்காக எழுதப்பட்டது. அது இல்லாமல் திடீரென்று மறுத்தால் பிழை அலுவலகத்துடையது. அடுத்த 67ஆம் பிரிவு, ஆவணங்களைப் பிந்திக் கொடுத்தாலும் விடுபட்ட காலத்துக்கான உதவியைப் பின்னர் வழங்கலாம் என்கிறது. வீட்டுக்காரர் வாடகைச் சான்றிதழ் தரத் தாமதித்தால், திகதிக்கு முன்னரே கடித எண்ணைக் குறிப்பிட்டு அவகாசம் கேட்டு எழுதலாம். அக்கா அதைத்தான் செய்தார். ஒழுங்கான மொழிபெயர்ப்பைப் படித்தபிறகே அப்படி ஒரு வழி இருப்பது அவருக்குத் தெரிந்தது.

படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். வருகிற படங்களில் பெரும்பாலும் நடுப்பகுதி மட்டுமே இருக்கும். மேல் வலப்பக்கத்தில் உள்ள திகதியும் கோப்பு எண்ணும் வெட்டுப்பட்டிருக்கும். மடிப்பு நிழலில் 3, 8 ஆகத் தெரியும். பின்பக்கத்தை யாரும் எடுப்பதில்லை. முடிவுக் கடிதமாக இருந்தால் ஆட்சேபிக்கும் உரிமையும் அதற்கான ஒரு மாதக் கெடுவும் கடைசியில்தான் அச்சாகியிருக்கும். மஞ்சள் உறையில் வந்திருந்தால் உறையையும் எடுக்கவேண்டும். தபால்காரர் அதில் எழுதும் திகதியிலிருந்தே கெடு ஓடுகிறது. படத்தில் தெரியாத இடத்தை ஊகித்து நிரப்பக்கூடாது. "இங்கே வாசிக்க முடியவில்லை" என்று எழுதிவிட்டு மறுபடி படம் கேட்பதே நேர்மை.

இந்த நாட்டின் அலுவலகங்களோடு எனக்கு மனக்குறை இல்லாமல் இல்லை. நிர்வாக மொழி ஜேர்மன் என்று சட்டமே சொல்கிறது; முதுமையில் கண் மங்கியவருக்கும் அதே நீண்ட வாக்கியங்கள்தான். ஆனாலும் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண்ணை "பெருமதிப்புக்குரிய" என்று விளித்து, காரணம் சொல்லி, சட்டப் பிரிவைக் காட்டி, கெடுவும் தந்து எழுதும் கடிதத்தை நான் வியக்கிறேன்.

அதற்காக நம்மிடம் இப்படி ஒரு நடை இல்லை என்று யாராவது சொன்னால் விடமாட்டேன். "தங்கள் கடிதம் தொடர்பாக", "அறியத்தருகிறேன்", "ஆவன செய்யுமாறு" என்று எழுதிய எழுதுவினைஞர்களின் தமிழ் எந்த ஐரோப்பிய நிர்வாக மொழிக்கும் குறைந்ததல்ல. எங்கள் குறை வேறிடத்தில் இருந்தது. 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டும் அரச மொழியானது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழும் அரச மொழி என்று எழுதிய பிறகும், சிங்களத்தில் வந்த கடிதத்தைத் தூக்கிக்கொண்டு வாசிக்கத் தெரிந்த ஒருவரைத் தேடி அலைந்தவர்கள் எத்தனை பேர். அப்போதும் "உன்னை வரச் சொல்லுறாங்கள்" என்ற அரைகுறைச் சாரம்தான் கிடைத்தது. ஏன், எந்தச் சட்டத்தின்படி, வராவிட்டால் என்ன என்பது கிடைக்கவில்லை. ஜேர்மனியில் அந்தக் குறையை நம் பிள்ளைகளே நம் பெற்றோருக்குச் செய்யக்கூடாது.

தம்பிகளிடம் நான் கேட்பது இதுதான். முதலில் கடிதத்தை விளிப்பிலிருந்து ஒப்பம் வரை அதன் தரத்திலேயே தமிழில் எழுதுங்கள். அதன் கீழே ஒரு கோடு போட்டு உங்கள் விளக்கத்தைப் பேச்சுத் தமிழில் எழுதுங்கள். அலுவலகம் சொன்னது எது, பிள்ளை சொன்னது எது என்று அம்மாவுக்குத் தெரியட்டும். அவர் பெயருக்கு வந்த கடிதம் அது. என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டியவரும் அவரே.