டி-2, டி-3: ஒரு சைவரின் கணக்கு

ஹைதராபாத் தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தைக் கடந்துதான் நாள்தோறும் ஆய்வகம் செல்கிறேன். வெயிலுக்குக் குறைவில்லாத இவ்வூரில் என் அறைத்தோழிக்கு வைட்டமின் டி மிகக் குறைவு என்று அறிக்கை வந்தது. அவர் பிறவிச் சைவர். டி-3 ஆட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து எடுக்கப்படுவது என்றறிந்ததும் மறுத்துவிட்டார். காளானிலும் ஈஸ்ட்டிலும் உள்ள எர்கோஸ்டெராலிலிருந்து பெறும் டி-2 போதுமே என்றார். மாதம் ஒரு பெரிய அளவாக எடுத்துக்கொள்வது அவர் திட்டம்.

அத்திட்டத்தின் சிக்கலை 2004-இல் வெளியான ஆர்மஸ், ஹாலிஸ், ஹீனி ஆகியோரின் ஆய்வு தெளிவாகக் காட்டுகிறது. நலமுள்ள ஆண்களுக்கு 50,000 அலகு ஒரே முறை தந்தார்கள். முதல் மூன்று நாள்களில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் இரத்த மட்டத்தை உயர்த்தின. பிறகு பாதை பிரிந்தது. டி-3 பெற்றவர்களிடம் மட்டம் மேலும் ஏறி, பதினான்காம் நாளையொட்டி உச்சத்தைத் தொட்டது. டி-2 பெற்றவர்களிடமோ அதே நாளில் தொடக்க நிலைக்கே இறங்கிவிட்டது. குடல் இரண்டையும் உறிஞ்சுகிறது. வேறுபாடு அதற்குப் பின்னர். இரத்தத்தில் வைட்டமினைச் சுமக்கும் புரதத்தோடு டி-2-இன் வழிப்பொருள் தளர்வாகவே பிணைகிறது. ஆகவே விரைவில் சிதைந்து வெளியேறுகிறது.

இதனால் டி-2 பயனற்றது என்றாகாது. நாள்தோறும் சிறிதளவு எடுத்தால் இடைவெளி சுருங்கும். ஹோலிக் குழுவினர் 2008-இல் நாளுக்கு 1,000 அலகு தந்தபோது இரண்டும் சமமாகவே இருந்தன. 2017-இல் டிரிப்கோவிக் குழுவினர் நாளுக்கு 15 மைக்ரோகிராம் தந்தபோது டி-3 முந்தியது. என் தீர்ப்பு: மாத அளவுக்கு டி-2 உதவாது, தினசரி அளவுக்கு உதவும்.

பரிசோதனையிலும் ஒரு கண்ணி உண்டு. சில நோயெதிர்ப்பு முறைச் சோதனைகள் டி-2-இன் வழிப்பொருளைக் குறைத்தே காட்டும். டி-2 எடுப்பவர் நிறைமாலை முறையில், இரண்டையும் தனித்தனியே அளக்கும் ஆய்வகத்தை நாடுவது நல்லது.

உணவு? இருட்டில் வளரும் மொட்டுக் காளானில் டி-2 மிகச் சொற்பம். நறுக்கி, நண்பகல் வெயிலில் கால் மணி முதல் இரண்டு மணி வரை பரப்பினால் நூறு கிராமில் 10 மைக்ரோகிராம் கூடத் தேறலாம். கண்ணாடி சன்னலுக்குப் பின்னால் வைத்தால் பயனில்லை. புற ஊதா-பி கண்ணாடியைக் கடக்காது. செறிவூட்டிய பாலில் லிட்டருக்கு 5 முதல் 7.5 மைக்ரோகிராம், ஒரு குவளை 200 மில்லி என்றால் 1 முதல் 1.5 வரைதான். நாள் தேவை 15.

சைவ டி-3 வேண்டுவோர்க்குக் கற்பாசியினத்திலிருந்து பிரித்தெடுத்த மாத்திரைகள் உள்ளன. (இங்கே பிரியாணியில் இடும் சிட்டிகைக் கல்பாசியை நம்பவேண்டாம்.) தோழி இப்போது அதைத்தான் மருத்துவரிடம் கேட்டு வந்திருக்கிறார், குப்பியின் மேலுறை ஜெலட்டினா என்பதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.