மளிகைக் கடையின் மாத இருப்பு அறிக்கை

ஒரு மளிகைக் கடையின் மாத இருப்பு அறிக்கை மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். எந்தச் சரக்கு வேகமாக ஓடியது, எது அலமாரியை விட்டு நகரவில்லை, எது வாடிக்கையாளர் கேட்டபோது இல்லாமல் போனது. கடையில் உள்ள ஆயிரத்துச் சொச்ச உருப்படிகளையும் வரிசையாக அச்சடித்தால் நாற்பது பக்கம் வரும். முதலாளி அதை இரண்டு தாள் புரட்டிவிட்டு ஓரமாக வைத்துவிடுவார். இந்த மூன்று விடைகளும் அடங்க இரண்டு பக்கம் போதும்.

அறிக்கைக்கு அடிப்படை எண்ணிக்கை. கணினியில் இருக்கும் இருப்பு, பில் போட்டவரும் கொள்முதல் பதிவு செய்தவரும் தவறே செய்யாமல் இருந்தால் மட்டும் சரியாக இருக்கும். எனவே மாதக் கடைசி நாளில் கடை அடைத்த பிறகு கையால் எண்ண வேண்டும். மொத்தக் கடையையும் ஒரே இரவில் எண்ண முயன்றால் பாதிக்கு மேல் ஊகமாகிவிடும். அதிகம் விற்கும் உருப்படிகளை மட்டும் மாதந்தோறும் எண்ணி, மீதியை மூன்றாகப் பிரித்து மாதத்துக்கு ஒரு பங்காக எண்ணினால் மூன்று மாதத்தில் கடை முழுவதும் ஒருமுறை எண்ணப்பட்டுவிடும். எண்ணும் இரவில் ஒரு விஷயத்தில் கண்டிப்பு தேவை. சரக்கு இறங்கி பில் பதிவாகாமல் இருப்பதும், பில் பதிவாகி சரக்கு லாரியிலேயே இருப்பதும் தனித் தாளில் குறிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் காலையில் காணாமல் போனதாகத் தெரியும் சரக்கைத் தேடியே அரை நாள் போய்விடும்.

வேகமாக ஓடும் சரக்குகளின் பட்டியலை விற்ற எண்ணிக்கையை வைத்து மட்டும் போடுவது பரவலாக நடக்கும் தவறு. அப்படிப் போட்டால் தீப்பெட்டியும் ஷாம்பு சாஷேயும் தலைமேல் உட்கார்ந்துவிடும். உருப்படிகளைப் பணமதிப்பால் வரிசைப்படுத்தி மேல், நடு, கீழ் என்று பிரிக்கும் முறையை 1951இல் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபோர்ட் டிக்கி விளக்கி எழுதினார். மளிகைக் கடைக்கும் அது அப்படியே பொருந்துகிறது. விற்பனைத் தொகையில் முன்னால் நிற்கும் இருபது, இருபத்தைந்து உருப்படிகள் போதும். ஒவ்வொன்றுக்கும் விற்ற அளவு, விற்பனைத் தொகை, அதில் நின்ற லாபம், கையில் உள்ள இருப்பு இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்ற நான்கு விவரம் வேண்டும். லாபத்துக்குத் தனிக் கட்டம் தேவைப்படுவதற்குக் காரணம் எண்ணெய் பாக்கெட் போன்ற சரக்குகள். அவற்றில் விற்பனைத் தொகை பெரிதாகத் தெரியும், பாக்கெட்டுக்கு நிற்பது சொற்பம். தொகையில் பின்னால் நின்றாலும் உப்பை இந்தப் பட்டியலில் சேர்ப்பது நல்லது. உப்பு இல்லாத கடையில் ஒரு மாதச் சாமான் சீட்டைக் கொடுக்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

ஒப்பிடுவதில் தமிழ்நாட்டுக் கடைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2023இல் தீபாவளி நவம்பர் 12இல் வந்தது. 2024இல் அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. நவம்பரை முந்தைய நவம்பரோடு ஒப்பிட்டால் 2024இல் கடலைமாவும் நெய்யும் படுத்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் வியாபாரம் அக்டோபரிலேயே முடிந்திருந்தது. ஐப்பசியை ஐப்பசியோடு ஒப்பிட்டால் இந்தக் குழப்பம் குறையும். பண்டிகைச் சரக்குகளுக்கு மட்டுமாவது தமிழ் மாதக் கணக்கு ஒரு வரியில் இருக்க வேண்டும்.

பற்றாக்குறைதான் அறிக்கையில் மிகவும் கடினமான பகுதி. விற்றதற்குப் பில் இருக்கிறது. விற்காமல் போனதற்கு எந்தச் சீட்டும் இல்லை. ஒரு நடுத்தரக் கடையின் துவரம் பருப்பை எடுத்துக்கொள்ளலாம். முப்பது நாள் மாதம். தொடக்க இருப்பு 60 கிலோ. மாதத்தில் இறங்கியது 50 கிலோ மூட்டை மூன்று. கடைசி நாள் எண்ணியபோது இருந்தது 18 கிலோ. ஆக வெளியே போனது 192 கிலோ. பில்லில் உள்ளது 189 கிலோ. கணினி இதை முப்பதால் வகுத்து, நாளுக்கு 6.3 கிலோ ஓடுகிறது என்கிறது. அந்தக் கணக்கில் மாதம் நான்கு மூட்டை வாங்கினால் தாராளம் என்று தோன்றும்.

ஆனால் அந்த மாதத்தில் இரண்டு முறை, மும்மூன்று நாள் பருப்பே இல்லை. விற்பனை நடந்தது 24 நாளில்தான். 189ஐ 24ஆல் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 8 கிலோ. தட்டுப்பாடு நேர்ந்த மாதத்தின் விற்பனையை அப்படியே தேவை என்று எடுத்துக்கொண்டால், குறைவாக வாங்கி, அடுத்த மாதமும் தட்டுப்பாட்டை வரவழைத்துக்கொள்வதாக முடியும். இருக்கிற 18 கிலோ இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரும். மண்டிக்குச் சொன்ன பிறகு மூட்டை வந்து இறங்க நான்கு நாள் ஆகிறது என்றால், அந்த நான்கு நாளுக்கு 32 கிலோ வேண்டும். லாரி தாமதமானால் சமாளிக்க இரண்டு நாள் இருப்பாக 16 கிலோ. மொத்தம் 48 கிலோ, அதாவது கிட்டத்தட்ட ஒரு மூட்டை. இந்தக் கணக்கைக் கடைப் பையனுக்கு எண்ணாகச் சொல்ல வேண்டியதில்லை. கடைசி மூட்டையைப் பிரிக்கும்போதே மண்டிக்குப் போன் போக வேண்டும் என்று சொன்னால் போதும். அறிக்கையில் வர வேண்டிய வாசகமும் அதுவே.

ஒரு சரக்கு எத்தனை நாள் இல்லாமல் இருந்தது என்பதைக் கணினியின் தினசரி இருப்பிலிருந்து எடுக்கலாம். கேட்டவர்கள் எத்தனை பேர் என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. அதற்குக் கல்லாப்பெட்டி அருகே ஒரு நோட்டு வைத்து, இல்லை என்று சொல்லி அனுப்பும் ஒவ்வொரு முறையும் தேதியும் பொருளும் எழுத வேண்டும். கடையில் எப்போதுமே வாங்கி வைக்காத பொருளைப் பலர் கேட்டிருப்பதும் இந்த நோட்டில்தான் தெரியவரும். டாலி போன்ற மென்பொருளின் `Reorder Status` பக்கம் குறைந்துபோன சரக்கைக் காட்டும். ஆனால் ஒவ்வொரு உருப்படிக்கும் குறைந்தபட்ச இருப்பை முன்பே யாராவது சரியாகப் பதிந்திருக்க வேண்டும். அந்த எண்ணை வருவிப்பது மேலே கண்ட பருப்புக் கணக்குதான்.

தேங்கிய சரக்கை எண்ணிக்கையால் அளக்கக்கூடாது. அதில் முடங்கிய பணத்தாலும் மீதமுள்ள காலத்தாலும் அளக்க வேண்டும். அறுபது நாளாக ஒன்றுகூட விற்காதவை ஒரு வகை. விற்கிறது, ஆனால் இருப்பு மூன்று மாத விற்பனையைத் தாண்டி நிற்கிறது என்பது இன்னொரு வகை. இரண்டாவது வகையே ஆபத்தானது, மாதந்தோறும் கொஞ்சம் ஓடுவதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. பத்துப் பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி இலவசம் என்ற ஸ்கீமை நம்பி ஒரு கடையில் ராகி சேமியா 240 பாக்கெட் இறங்கியது. இலவசத்தையும் சேர்த்து அடக்க விலை பாக்கெட் 38 ரூபாய். மூன்று மாதத்தில் 62 போனது, 178 மிச்சம். கடைசி மாதத்தில் போனது 9 மட்டும். இதே வேகத்தில் மீதி தீர இருபது மாதம் ஆகும். பாக்கெட்டில் அச்சிட்ட காலாவதித் தேதிக்கோ இன்னும் ஐந்து மாதம்தான். அதற்குள் 45 விற்கும்; 133 பாக்கெட் குப்பைக்குப் போகும். 5,054 ரூபாய் நட்டம். இருப்பு 178 என்று மட்டும் எழுதிய அறிக்கையில் இந்த நட்டம் தெரியாது. ஐந்து மாதம் முன்பே தெரிந்தால், டீலரிடம் மாற்றிக்கொள்ளப் பேசலாம், விலையைக் குறைத்து முன் அலமாரியில் வைக்கலாம். கடைசி மாதத்தில் தெரிந்தால் இரண்டுக்கும் வழியில்லை.

முடங்கிய பணத்தைக் கணக்கிட எம்ஆர்பியைப் பயன்படுத்தினால் வராத லாபத்தையும் சேர்த்து எண்ணியதாகும். அடக்க விலைதான் சரி. காலாவதியாகி அழித்த சரக்கை அளவோடும், மதிப்போடும், அதற்குக் கட்டிய வரியோடும் தனியாகக் காட்ட வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவுப்படி தொலைந்த, திருடுபோன, அழித்த, கணக்கிலிருந்து நீக்கிய சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. முன்பே எடுத்திருந்தால் அதைத் திருப்பிக் கணக்கில் காட்ட வேண்டும். கணக்கர் கேட்கும்போது இந்தப் பட்டியல் கையில் இல்லாவிட்டால் பிறகு தேடி எடுப்பது கடினம்.

பண்டிகை முடிந்து மிஞ்சும் அகல் விளக்கு, விளக்குத் திரி போன்றவற்றைத் தேங்கியவற்றோடு சேர்த்து எழுதி முதலாளியை அச்சுறுத்த வேண்டியதில்லை. கெடாத சரக்கு அடுத்த கார்த்திகைக்கு உதவும். எவ்வளவு பணம் நிற்கிறது என்ற ஒரு வரி போதும்.

இனி எண்ணிக்கைக்கும் பில்லுக்கும் உள்ள வித்தியாசம். துவரம் பருப்பில் 3 கிலோ கணக்கில் வரவில்லை. சில்லறையாக நிறுக்கும் பருப்பில் சாக்கு ஓட்டையும், தராசில் தாராளமாகப் போடுவதும், முதலாளி வீட்டுக்குப் பில் இல்லாமல் போவதும் சேர்ந்தால் இவ்வளவு குறைவது இயல்பு. மூன்றாவது காரணத்தைத் தவிர்க்க வீட்டுக்குப் போவதற்கும் பில் போடுவதே வழி. வேலையாள் மீது சந்தேகம் விழுவதற்கு முன் எண்ணின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். சோப்பு சரியாக 11 அதிகமாக இருந்தால், டஜனாக வந்தது கொள்முதலில் ஒன்று என்று பதிவாகியிருக்கும். முதல் ரகப் பருப்பு 5 கிலோ குறைந்து இரண்டாம் ரகம் 5 கிலோ கூடியிருந்தால், பில்லில் குறியீடு மாறியிருக்கிறது. கணினியில் இருப்பு கழித்தல் எண்ணாக நின்றால் பெரும்பாலும் ஏதோ ஒரு கொள்முதல் பில் பதிவாகவில்லை. இந்த வடிவங்களில் அடங்காமல், ஒரே பொருளில் மாதந்தோறும் குறைவது மட்டுமே திருட்டு என்று விசாரிக்கத் தக்கது. கைக்கடக்கமான, விலை அதிகமான ஏலக்காய், முந்திரி, பிளேடு போன்றவற்றில்தான் அது பெரும்பாலும் தெரியும்.

அறிக்கையின் கடைசிப் பகுதி முடிவுகளுக்கு உரியது. எதை வாங்க வேண்டும், எதை நிறுத்த வேண்டும், எதைத் திருப்ப வேண்டும், யார், எந்தத் தேதிக்குள் என்று ஐந்தாறு வரிக்கு மேல் போகாமல் எழுத வேண்டும். அடுத்த மாத அறிக்கையின் முதல் வரிகளில் அதே முடிவுகள் நடந்தனவா என்று காட்ட வேண்டும். ராகி சேமியாவை டீலர் மாற்றிக் கொடுத்தாரா என்பது அங்கே பதிலாக வர வேண்டும். வராவிட்டால் 5,054 ரூபாய் மீண்டும் அதே கட்டத்தில் எழுதப்படும்.