லாபம் இருக்கிறது, கல்லாவில் காசு இல்லை



திருத்தணி மலையடிவாரத்தில் டீக்கடை வைத்திருப்பவர் என் பழைய மாணவர். "வியாபாரம் நன்றாகத்தான் நடக்குது சார், ஆனா காலையில பால்காரருக்குக் கொடுக்கக் காசு இல்லை. நஷ்டத்துல போறேனோ?" என்று பயந்துபோயிருந்தார். அவருடைய கணக்கு நோட்டைப் பார்த்து, இன்னொரு மாணவர், கணக்காளர், ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். இருவரின் சம்மதத்தோடு அதைச் சொல்கிறேன்.

கடிதம் இப்படித் தொடங்குகிறது: "அண்ணா, முதலில் பயத்தை விடுங்கள். உங்களுக்கு நஷ்டம் இல்லை." தினசரி விற்பனை 4,000 ரூபாய். பால், தூள், சர்க்கரை, கேஸ் எல்லாம் 2,600. உதவிப் பையன் கூலி 500, வாடகை 200. மீதி 700 லாபம்.

அப்படியானால் பணம் எங்கே? பக்கத்துக் கடைகளுக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் தினமும் 600 ரூபாய்க்கு டீ கடனாகப் போகிறது. அவர்கள் கொடுப்பது ஒரு மாதம் கழித்து. ஆகவே எப்போதும் 18,000 வெளியில் நிற்கிறது. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தை நம்பி வாங்கிய பிஸ்கட், தண்ணீர் பாட்டிலில் மிஞ்சியதும் சேர்த்து 12,000 ரூபாய்ச் சரக்கு. தூள் கடைக்காரர் தரும் கடன் 3,000 மட்டும். மீதி 27,000 ரூபாய் கடைக்குள்ளேயே சுற்றுகிறது. இதைத்தான் நடைமுறை மூலதனம் என்கிறார்கள். "லாபம் டீயில் வருகிறது அண்ணா, ஆனால் பாக்கி நோட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறது" என்று எழுதியிருந்தார். பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்!

அந்தப் பள்ளத்தை நிரப்ப நம்மவர் தண்டல் வாங்கியிருக்கிறார். பேருக்கு 20,000, கைக்கு வந்தது 17,000. தினம் 200 வீதம் 100 நாள். முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பிக்கொண்டிருப்பதால், வருட வட்டியாகக் கணக்குப் போட்டால் நூறு சதவீதத்தைத் தாண்டும். லாபம் 700-ல் தண்டலுக்கு 200 போனால் 500. வீட்டுக்கு எடுப்பது 600. தினம் 100 ரூபாய் துண்டு விழுகிறது. காலையில் பால்காசு இல்லாததற்குக் காரணம் இதுதான். கிருத்திகை, டிசம்பர் 31 படித்திருவிழா நாட்களில் கல்லா நிறைந்துவிடுவதால் இந்த ஓட்டை கண்ணுக்குத் தெரிவதில்லை.

கணக்காளர் சொன்ன வழி: பாக்கியை வாரம் ஒருமுறை வசூலித்தால் வெளியில் நிற்பது 4,200 ஆகிவிடும், 13,800 கைக்கு வரும். சரக்கை 5,000-க்குள் வைத்தால் இன்னும் 7,000. தண்டலில் பாக்கி 12,000-ஐ அடைத்துவிட்டு, மீதி 8,800-ஐப் பால்காசாக ஒதுக்கலாம். புதுத் தண்டல் மட்டும் வேண்டாம். கையிருப்பு போதாவிட்டால், சாலையோர வியாபாரிகளுக்காக 2020-ல் தொடங்கிய ஸ்வநிதி கடனுக்கு அவர் தகுதியானவரா என்று நகராட்சியில் கேட்கச் சொல்லியிருக்கிறார்.

ஒரு விஷயத்தையும் மறைக்கவில்லை: வாரக் கணக்கு என்றதும் இரண்டு மூன்று பேர் வேறு கடைக்குப் போகலாம். அவர்களால் வரும் லாபத்தைவிட அவர்களுக்காகக் கட்டும் தண்டல் வட்டி பெரிதா என்று ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும்.

போன திங்கட்கிழமை முதல் வார வசூல் ஆரம்பம். ஆட்டோக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். பெரிய கடைக்காரர்தான் இன்னும் "பார்க்கலாம்" என்கிறாராம்.