முதலில் காய்ந்த முனை

தொப்பூர் கணவாய் இறங்கி, தீவட்டிப்பட்டி தாண்டி, ஓமலூர் வருவதற்குள் ஒரு டீக்கடை. தென்னங்கீற்றுப் பந்தல், இரண்டு பெஞ்சு, ஒரு தண்ணீர்த் தொட்டி. கொஞ்சம் தள்ளி பஞ்சர் கடை. சித்திரை மாதம். வெயில் தாழட்டும் என்று பைக்கை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணி சுமாருக்கு அந்த லாரி வந்து நின்றது. பத்துச் சக்கர வண்டி, நாமக்கல் பாடி. நாசிக் வெங்காயம், திருச்சி மார்க்கெட்டுக்கு. இது நான் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. டிரைவர் இறங்கும்போதே போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டு வந்தார், "ராத்திரி பத்துக்குள்ள மண்டியில இருப்பனுங்க" என்று. ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் விபூதி, இரண்டு நாள் தாடி. கூட ஒரு பையன், பத்தொன்பது இருபது வயது. மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது.

கணவாய் இறங்கி வரும் எல்லா லாரியிலும் பிரேக் லைனர் கருகிய வாசனை இருக்கும். இதிலும் இருந்தது, அதற்கு மேல் வெங்காய வாடை. வேறு எந்த வாசனை இருந்தாலும் இந்த இரண்டுக்கும் அடியில் ஒளிந்துகொள்ளும்.

பையன் தொட்டியில் முகம் கழுவினான். கழுத்துத் துண்டை நனைத்துப் பிழிந்து, தார்ப்பாய் கட்டியிருந்த கயிற்றில் தொங்கவிட்டான். லாரியின் இடது பக்கம், கடைசிச் சக்கரத்துக்கு நேர் மேலே. வெயில் மறுபக்கம் என்பதால் இந்தப் பக்கம் முழுக்க நிழல். துண்டின் கீழ்முனை டயருக்கு ஒரு முழம் முன்னால் தொங்கியது. பிறகு வந்து டீயும் முட்டைபோண்டாவும் சாப்பிட்டான்.

துண்டை எடுக்கப் போனவன் எடுக்காமல் நின்றான். மேல்பகுதியைப் பிடித்தான், கீழ்முனையைப் பிடித்தான், மறுபடி மேலே. ஈரத்துணி எப்போதும் கீழ்முனையில்தான் கடைசியாகக் காயும், நீர் அங்கேதானே வடியும். இந்தத் துண்டில் மேல் பாதி சில்லென்று இருக்க, கீழ்முனை மொடமொடவென்று காய்ந்திருந்தது. அவன் குனிந்து, புறங்கையைச் சக்கரத்தின் பக்கம் நீட்டி, வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"ண்ணா, பிரேக் கட்டிப்புடிச்சிருச்சாட்ட இருக்குதுங்ணா. அனலடிக்குது."

சொல்லிக்கொண்டே தொட்டிக்கு ஓடிக் குடத்தை எடுத்தான். டிரைவர் டீ கிளாசைக் கீழே வைக்கவில்லை, எறிந்தார் என்றே சொல்ல வேண்டும்.

"ஊத்தாதடா!"

குடம் பாதி வழியில் நின்றது. டிரம் வார்ப்பிரும்பு. காய்ந்த தோசைக்கல்லில் நீர் தெளித்த கதைதான், விரிசல் விட்டுவிடும். அதை அவர் விளக்கவில்லை. பையனின் தோளைப் பிடித்துச் சக்கரத்தின் முகத்துக்கு நேரே இருந்தவனை லாரியின் பின்பக்கமாக இழுத்துவந்தார். சுட்டுக் கிடக்கும் டயர் வெடித்தால் பக்கவாட்டுச் சுவர்தான் பிய்த்துக்கொண்டு போகும். அதற்கு எதிரே ஆள் நிற்கக்கூடாது. அப்படியே என்னைப் பார்த்து, "வண்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்குங்க" என்றார். தள்ளிக்கொண்டேன். அன்று என் பங்கு அவ்வளவுதான்.

முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார்கள். குடத்து நீர் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றார். பற்றிக்கொண்டால் மட்டும் தண்ணீர், அப்போதும் எட்ட நின்று. ஓடும்போது டயரின் உள்ளே சேர்ந்த சூடு வண்டி நின்றதும் அடங்கிவிடுவதில்லை. காற்றோட்டம் நின்றுபோகிறது, உள்சூடு வெளியே வருகிறது. நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போன வண்டியில் டயர் எரிவது இதனால்தான்.

அடுத்து நடந்ததுதான் நான் அங்கே கண்டதில் முக்கியமானது.

"பிரேக்குன்னு எப்படிச் சொன்ன?"

"இறக்கத்துல வந்தமுங்ளேண்ணா."

"இறக்கத்துல எட்டு சக்கரமும்தான வந்துச்சு? போ. மத்த ஏழுலயும் கை காட்டிட்டு வா."

பையன் லாரியைச் சுற்றினான். ஒவ்வொரு பின்சக்கரத்திலும் புறங்கையை முதலில் ரிம்மின் ஓட்டைக்குப் பக்கத்தில், பிறகு நடுவே ஹப்பில், பிறகு டயரின் சுவரில் காட்டினான். திரும்பி வந்து சொன்னான்: ஓட்டையில் எல்லாச் சக்கரமும் ஒரே மாதிரி அனல், ஹப் ஒன்றும் சுடவில்லை, டயர் இந்த ஒரு ஜோடியில் மட்டும் கை வைக்க முடியவில்லை.

"டிரம் சூடுன்னா சூடு ரிம்முல ஆரம்பிச்சு வெளிய வரும். பேரிங் போயிருந்தா நடு ஹப்பு கொதிக்கும், கிரீஸ் வழிஞ்சிருக்கும். இது ரிம்மை விட டயர் சூடு. அப்ப சூடு டயர்லயே பொறக்குது. டயர்ல எப்படிப் பொறக்கும்?"

பையன் யோசித்தான். "காத்து கம்மிங்களாண்ணா?"

டிரைவர் பதில் சொல்லவில்லை. சரி என்று அர்த்தம்.

காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் நசுங்கி மறுபடி நிமிர்கிறது. கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் மடிப்பு சுடும் அல்லவா, அதுதான் நாள் முழுக்க அந்த ரப்பர் சுவரில் நடக்கிறது. பின்னால் எட்டு டயரில் சுமார் 20 டன் என்றால் ஆளுக்கு இரண்டரை டன். ஜோடியில் ஒன்று தளர்ந்தால் அதன் பங்கில் பெரும்பகுதி கூட்டாளியின் தலையில் விழும். போதாததற்குத் தளர்ந்தது அடியில் பிதுங்கி, பக்கத்து டயரோடு உரசும். அதனால்தான் ஜோடியில் இரண்டுமே சுட்டன. குற்றவாளி உள் டயரா வெளி டயரா என்பது கைக்குத் தெரியாது.

முக்கால் மணி நேரம் எதுவும் செய்யவில்லை. பார்க்கிறவர்களுக்கு அது சோம்பல் மாதிரி இருந்திருக்கும். மண்டியிலிருந்து மறுபடி போன் வந்தது. "லேட் ஆகுமுங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பஞ்சர் கடைக்காரர் கேஜோடு வந்தார். வெளி டயர் 130 காட்டியது. உள் டயர் 65. போட்டிருந்தது இரண்டுக்கும் 110.

"வெளியே ஏறிப்போச்சுங்ணா, கொஞ்சம் இறக்கிரலாங்களா?" என்றான் பையன்.

"சூட்டுல ஏறுன காத்து, ஆறுனா தானா இறங்கிக்கும். இப்ப இறக்குனீன்னா ஆறுன அப்புறம் அதுவும் கம்மியாப் போயிரும். அப்புறம் இவனுக்கு அவன் அண்ணன்."

உள் டயரின் 65 கூட உண்மையல்ல. இன்னும் ஆறாத சூட்டில் 65 என்றால் ஆறிய பிறகு அதற்கும் கீழே. ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைந்தாலே அந்த டயரைப் பஞ்சரான டயராகத்தான் கணக்கில் வைக்க வேண்டும். இது பாதிக்குப் பக்கம் போயிருந்தது.

உள் டயரின் வால்வில் மாட்டியிருந்த நீட்டுக் குழாயில் கடைக்காரர் எச்சில் தொட்டு வைத்தார். கடுகளவு குமிழ் ஒன்று வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. அவ்வளவு மெல்லிய கசிவு. நாசிக்கில் ஆரம்பித்ததா, நடுவில் எங்கேயாவதா என்று யாரும் சொல்ல முடியாது.

டிரைவர் பையனைப் பார்த்தார்.

"ஓசூர்ல தட்டுனியாடா?"

"தட்டுனனுங்ணா."

"உள்ளயும்?"

பையன் கையிலிருந்த துண்டைப் பார்த்தான். உள் டயரைத் தட்ட வேண்டுமென்றால் வண்டிக்கு அடியில் குனிந்து கட்டையை உள்ளே விட வேண்டும். வெளி டயரைத் தட்டுவது நடந்துகொண்டே முடிகிற வேலை. திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன், விழவில்லை. "ஜாக்கி எடு" என்றார்.

பலகை போட்டு ஜாக்கி வைத்தார்கள். நட்டைத் தொடுவதற்கு முன் இரண்டு டயரின் வால்வு பின்னையும் கழற்றி, சீறல் முழுக்க அடங்கும்வரை நின்றார்கள். பூட்டுவளையம் போட்ட ரிம் அது. காற்றோடு கழற்றும்போது வளையம் தெறித்தால் என்ன ஆகும் என்று பஞ்சர் கடைக்காரர் சொல்ல ஆரம்பித்தார். டிரைவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

உள் டயரை ரிம்மிலிருந்து பிரித்ததும் கடைக்காரர் உள்ளே கைவிட்டு ஒரு பிடி எடுத்தார். கருப்பு மாவு. மிளகுத்தூள் மாதிரி ரப்பர் பொடி. ஒன்றும் சொல்லாமல் அதைப் பையன் உள்ளங்கையில் கொட்டினார். சுவரின் உள்பக்கம் வட்டம் முழுக்கச் சுருக்கம் விழுந்து, தடவினால் அலை அலையாக இருந்தது. வெளியே பட்டன் இன்னும் அரை அங்குலம் மிச்சம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வருடம் ஓடும் டயர்.

"புது டியூப்பு, புதுக் குழாய் போட்டுத் தர்றேன். திருச்சி என்னங்க, மெட்ராசே போலாம்" என்றார் கடைக்காரர். பொய் என்று சொல்ல முடியாது, போனாலும் போயிருக்கும். ஆனால் இப்படி நொந்த டயருக்கு மறுபடி முழுக் காற்று ஏற்றுவதுதான் மிக மோசம். உள்கம்பிகள் ஏற்கெனவே ஒடிந்திருந்தால், காற்றேற்றும்போதே சுவர் ஜிப் பிரிவது போலப் பிரியும், எதிரே குனிந்திருப்பவர் முகத்தில். டிரைவர் சாக்குக்கட்டி கேட்டு வாங்கி, டயரின் இரு பக்கமும் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டார். தூக்கிப்போடவும் இல்லை. நம்பர் பார்த்து ஓனர் கணக்குக் கேட்பாராம். ஸ்டெப்னி உள்ளே போனது, செத்த டயர் ஸ்டெப்னி இருந்த இடத்துக்குப் போனது.

வெளி டயர் விஷயத்தில் மட்டும் அவருக்குத் திருப்தி இல்லை. பிரித்து, பொடி இல்லை, சுருக்கம் இல்லை என்று பார்த்தார்கள். பார்வைக்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு பேர் பாரத்தை எத்தனை மைல் சுமந்தது என்று யாருக்குத் தெரியும்? கையில் வேறு டயர் இல்லை. மாட்டினார்கள். "நாமக்கல்ல கடையில காட்டிட்டுத்தான் அங்கிட்டு. அதுவரைக்கும் நாப்பதைத் தாண்டப் போறதில்ல" என்றார், பையனிடமா தன்னிடமா தெரியவில்லை.

கிளம்பும்போது மணி ஆறு ஆகப்போகிறது. டிரைவர் ஏறி ஸ்டார்ட் செய்துவிட்டார். பையன் ஏறவில்லை. கட்டையை எடுத்துக்கொண்டு முன்சக்கரத்திலிருந்து ஆரம்பித்தான். பின்பக்கம் வந்தபோது மண்ணில் ஒரு கையை ஊன்றி, தலையை வண்டிக்கு அடியில் நுழைத்துத் தட்டினான். மறுபக்கமும் அப்படியே. எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து.